அடிபட்டதும் டி.டி. ஊசி போட்டுட்டா போதுமா? தடுப்பூசியின் 'ஞாபகம்' வேலை செய்யும் விதம்

மழை பெய்த மறுநாள். சர்வீஸ் ரோட்டில் பைக் சறுக்குகிறது. பெரிய அடி இல்லை. ஆனால் முட்டியில் ஆழமாகக் கிழிந்து, காயத்துக்குள் மண் ஒட்டியிருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் காயத்தைக் கழுவிக்கொண்டே டாக்டர் கேட்கிறார்: "கடைசியா டி.டி. எப்போ போட்டீங்க?"

நம்மில் பெரும்பாலானவர்களின் பதில் இதுதான்: "ஞாபகம் இல்ல டாக்டர், எதுக்கும் ஒண்ணு போட்டுருங்க."

உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. உங்கள் உடம்புக்கு ஞாபகம் இருக்கிறதா? இருந்தால், இன்று போடும் ஊசி உங்களைக் காப்பாற்றும். இல்லாவிட்டால், அதே ஊசி இந்தக் காயத்துக்குக் கிட்டத்தட்ட எந்த உதவியும் செய்யாது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்கு ஏன் செய்யாது? தடுப்பூசிகளுக்கு ஏன் பூஸ்டர் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில், டெட்டனஸ் எப்படி வருகிறது?

துருப்பிடித்த ஆணி குத்தினால் வரும் என்று கேள்விப்பட்டிருப்போம். துருவுக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இதற்குக் காரணமான கிருமி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் வித்து வடிவில் இருக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில்தான் அது வளரும். ஆணி, முள், மண்வெட்டி போன்றவை சதைக்குள் ஆழமாகக் குத்தும்போது அப்படி ஓர் இடம் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

அங்கே வளரும் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது. ரண ஜன்னி என்று நம் ஊரில் சொல்லப்படும் நோயை உண்டாக்குவது அந்த நச்சுதான். நரம்புகள் வழியாக ஏறி, தசைகளைத் தளர விடாமல் இறுக்குகிறது. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். பிறகு கழுத்து, முதுகு. முற்றினால் மூச்சுவிட உதவும் தசைகள்.

இந்த நச்சு எவ்வளவு கொடியது தெரியுமா? ஒரு மனிதரைக் கொல்லப் போதுமான அளவு, ஒரு தூள் உப்புத் துகளின் எடையைவிடச் சில நூறு மடங்கு குறைவு. அந்த அளவு நச்சை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் கவனிக்கக்கூட நேரமில்லை. அதனால்தான் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்குக்கூட அதன் மீது எதிர்ப்பு சக்தி உருவாவதில்லை. அவருக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். 'நோய் வந்து போனா இம்யூனிட்டி வந்துடும்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஊசி போட்டதும் உள்ளே என்ன நடக்கிறது?

தடுப்பூசியில் இருப்பது அதே நச்சுதான். ஆனால் ஃபார்மலின் கொண்டு பல் பிடுங்கப்பட்ட நச்சு. வடிவம் அப்படியே இருக்கும், விஷம் இருக்காது. இதற்கு டாக்ஸாய்ட் என்று பெயர். இதோடு கொஞ்சம் அலுமினிய உப்பும் சேர்க்கிறார்கள். 'இங்கே ஏதோ நடக்குது' என்று எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடுவது அதன் வேலை.

கையில் ஊசி போட்ட இடத்தில் ரோந்து சுற்றும் செல்கள், இந்த டாக்ஸாய்டை விழுங்கி அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. காயம் பட்டால் நெறி கட்டுகிறது என்போமே, அந்த இடம்தான். அங்கே கோடிக்கணக்கான பி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவத்தை அடையாளம் காணக்கூடியவை. அவற்றில் டாக்ஸாய்டோடு ஓரளவு பொருந்தும் சில செல்கள் மட்டும் தேர்வாகி, பெருக ஆரம்பிக்கின்றன.

பெருகும்போது அவற்றில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடக்கின்றன. டாக்ஸாய்டை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் செல்களுக்கு அடுத்த சுற்று வாய்ப்பு. பிடி தளர்ந்தவை கழிக்கப்படும். வாரக்கணக்கில் ஓடும் இந்தப் பயிற்சி முகாமிலிருந்து இரண்டு வகைச் செல்கள் வெளியே வருகின்றன.

ஒன்று, பிளாஸ்மா செல்கள். இவை ஆன்டிபாடி தயாரிக்கும் தொழிற்சாலைகள். பெரும்பாலானவை சில நாட்களில் மடிந்துவிடும். சில மட்டும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்க் குடியேறி, ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடியை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டு, நினைவு பி செல்கள். இவை எதையும் தயாரிக்காது. உடம்புக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதே வடிவத்தை மறுபடி பார்த்தால் விழித்துக்கொண்டு, வேகமாகப் பெருகி, ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கும்.

'இம்யூன் மெமரி' என்று பொதுவாகச் சொல்வதில் இந்த இரண்டும் அடக்கம். முதலாவதை எப்போதும் கையில் இருக்கும் ரொக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஃபிக்ஸட் டெபாசிட். பணம் பத்திரமாக இருக்கும். ஆனால் எடுக்கச் சில நாள் ஆகும்.

ஒரே டோஸ் ஏன் போதாது?

முதல் டோஸுக்கு உடம்பு மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஆன்டிபாடி தெரிய ஆரம்பிக்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும். அதுவும் பாதுகாப்புத் தரும் அளவுக்கு இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் பயிற்சி முகாம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான்கு வாரம் கழித்து இரண்டாவது டோஸ் போடும்போது, ஏற்கனவே பயிற்சி பெற்ற செல்கள் தயாராக இருக்கின்றன. இந்த முறை பதில் வேகமாகவும் பலமாகவும் வரும். மூன்றாவது டோஸ் அதை இன்னும் உறுதியாக்கும். இடைவெளி விட்டுப் போடச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். செல்கள் பயிற்சி முடிப்பதற்குள் அடுத்த டோஸைப் போட்டால் முழுப் பலன் கிடைக்காது.

இந்த முதல் மூன்று டோஸ்கள்தான் அஸ்திவாரம். இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் இவை போடப்படுகின்றன. பூஸ்டர் என்பது அஸ்திவாரத்துக்கு மேல் கட்டுவது. 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 முதல் 6 வயதுக்குள் ஒன்று, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. எல்லாம் சேர்த்து ஏழு.

ஒரு சின்ன விஷயம்: முன்பு டெட்டனஸ் மட்டும் இருந்த ஊசியின் இடத்தில், இப்போது டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்த ஊசியை அரசு போடுகிறது. டிப்தீரியாவுக்கான எதிர்ப்பும் காலப்போக்கில் குறைகிறது என்பதால் இந்த மாற்றம். பேச்சில் பழசையும் புதுசையும் 'டி.டி.' என்றே சொல்கிறோம்.

ரொக்கம் எவ்வளவு நாள் தாங்கும்?

தடுப்பூசி போட்டு முடித்த முதல் சில மாதங்களில் ஆன்டிபாடி அளவு வேகமாக இறங்கும். பிறகு மஜ்ஜையில் குடியேறிய செல்களின் தயவில் நிதானமாகக் குறையும். இந்த நிதானமான குறைவை அமெரிக்க ஆய்வாளர்கள் 45 பேரிடம் அளந்தார்கள். சிலரிடம் 26 ஆண்டுகள் வரை சேகரித்த ரத்த மாதிரிகள் இருந்தன. 2007-ல் வெளியான அந்த ஆய்வின்படி, டெட்டனஸ் ஆன்டிபாடி பாதியாகக் குறைய சராசரியாக 11 ஆண்டுகள் ஆகிறது. டிப்தீரியாவுக்கு 19 ஆண்டுகள்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி ரத்தநீரில் 0.1 யூனிட்டுக்கு மேல் ஆன்டிபாடி இருந்தால் பாதுகாப்பு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பூஸ்டர் எல்லாம் ஒழுங்காகப் போட்ட ஒருவருக்கு 1.6 யூனிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 11 ஆண்டில் 0.8. 22-ல் 0.4. 33-ல் 0.2. எல்லைக்கோட்டைத் தொட 44 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பூஸ்டர்களைத் தவறவிட்டு, 0.4-ல் தொடங்கியவர் 22 ஆண்டிலேயே அங்கே வந்துவிடுவார்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பூஸ்டர் என்பதில் நாடுகளுக்குள் ஒத்த கருத்து இல்லாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். பிரிட்டனில் மொத்தம் ஐந்து டோஸ் முடித்தால் வழக்கமான பூஸ்டர் கிடையாது. உலக சுகாதார நிறுவனம், வளரிளம் பருவத்துக்குள் ஆறு டோஸ் முடிக்கச் சொல்கிறது. 10 ஆண்டு என்பது, தொடக்க அளவு குறைவாக இருப்பவரையும் காப்பாற்றும் விதத்தில் முன்ஜாக்கிரதையாக வைக்கப்பட்ட கோடு. 11-வது ஆண்டின் முதல் நாளில் பாதுகாப்பு போய்விடும் என்று அர்த்தமில்லை.

ஃபிக்ஸட் டெபாசிட்தான் இருக்கே, பிறகென்ன?

நியாயமான கேள்வி. ரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்தாலும் நினைவு செல்கள் இருக்கின்றன. அவை விழித்துக்கொள்ளாதா?

விழித்துக்கொள்ளும். ஆனால் அவை ஆன்டிபாடியை ரத்தத்தில் கொண்டுவந்து சேர்க்க நான்கைந்து நாளாவது ஆகும். எனவே எல்லாம் ஒரு ஓட்டப்பந்தயத்தைப் பொறுத்தது. கிருமி முந்துமா, ஞாபகம் முந்துமா?

ஹெபடைடிஸ் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ் உடம்புக்குள் நுழைந்த பிறகு நோயாக வெளிப்பட ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். நினைவு செல்களுக்கு அது தாராளமான அவகாசம். தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி கண்ணில் படாத அளவுக்குக் குறைந்தாலும், ஆரோக்கியமானவர்களுக்குப் பாதுகாப்பு தொடர்கிறது. அதனால்தான் அவர்களுக்கு ஹெபடைடிஸ் பி பூஸ்டர் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இதற்கு நேர் எதிரானது கொரோனா. ஒமிக்ரான் வகை தொற்றிய மூன்று நாளிலேயே அறிகுறி வந்துவிட்டது. நினைவு செல்கள் எழுந்து வருவதற்குள் சளி, காய்ச்சல் தொடங்கிவிடும். ஆனால் நுரையீரல் வரை நோய் முற்ற மேலும் சில நாள் ஆகும். அதற்குள் ஞாபகம் வந்து சேர்ந்துவிடும். 'ரெண்டு டோஸ் போட்டும் கொரோனா வந்துச்சே' என்று கேட்டவர்கள், ஏன் பெரும்பாலும் ஐ.சி.யூ.வுக்குப் போகாமல் தப்பினார்கள் என்பதற்கான விளக்கத்தில் இது முக்கியமான பகுதி. வைரஸும் அடிக்கடி உருமாறியது என்பது தனிச் சிக்கல். ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போடச் சொல்வதற்கும் அந்த உருமாற்றம் ஒரு பெரிய காரணம்.

டெட்டனஸ் இந்தப் பந்தயத்தில் ரொம்பவே மோசமான எதிராளி. காயம் பட்டு 3 முதல் 21 நாளுக்குள் நோய் வரலாம். நச்சின் அளவோ மிகச் சிறியது. நினைவு செல்களை உசுப்புவதற்கே அது போதாமல் போகலாம். அதைவிட முக்கியம், நச்சு நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் அதை உள்ளே போய்ப் பிடிக்க முடியாது. நுழைவதற்கு முன்பே, ரத்தத்திலும் திசுவிலும் பிடித்தாக வேண்டும். அதாவது, கையில் ரொக்கம் இருந்தாக வேண்டும். டெட்டனஸுக்கு பூஸ்டர் தேவைப்படுவதன் காரணம் இவ்வளவுதான்.

அடிபட்ட அன்று போடும் டி.டி. ஊசி என்ன செய்கிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும். நச்சு உசுப்புவதற்கு முன்பாக, டாக்ஸாய்ட் போய் நினைவு செல்களை எழுப்பிவிடுகிறது. எழுப்புவதற்கு அங்கே நினைவு செல்கள் இருந்தால்!

தட்டம்மைக்கு மட்டும் ஏன் வாழ்நாள் பாதுகாப்பு?

மேலே சொன்ன அதே 2007 ஆய்வில் தட்டம்மை ஆன்டிபாடி பாதியாகக் குறைய ஆகும் காலம் என்று வந்த கணக்கு, சுமார் 3,000 ஆண்டுகள்! யாரும் அவ்வளவு நாள் வாழப்போவதில்லை. அளந்த காலத்தில் அது கிட்டத்தட்டக் குறையவே இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆய்வகம் இல்லாத காலத்திலேயே இதை ஒருவர் கவனித்திருக்கிறார். வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை பரவியது. அதன் பிறகு 65 ஆண்டுகள் அங்கே அந்த நோய் எட்டிப் பார்க்கவில்லை. 1846-ல் மறுபடி வந்தபோது தீவின் மக்களில் பெரும்பாலோரைத் தாக்கியது. அதை ஆராயப்போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், 1781-ல் நோய் வந்துபோன முதியவர்கள் யாருக்கும் இந்த முறை வரவில்லை என்று பதிவு செய்தார்.

தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது உடம்புக்குள் கொஞ்சம் பெருகி, நிஜத் தொற்றைப் போலவே எதிர்ப்பு மண்டலத்துக்குப் பாடம் நடத்துகிறது. வைரஸின் மேற்பரப்பில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருப்பதால், பி செல்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையும் பலமானது. அப்படி உருவாகும் பிளாஸ்மா செல்கள் நீண்ட ஆயுளோடு இருக்கின்றன என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். டெட்டனஸ் டாக்ஸாய்டோ தனித்தனியாகக் கரைந்து திரியும் ஒரு புரதம் மட்டுமே.

'அப்போ தட்டம்மைக்கு ரெண்டாவது டோஸ் எதுக்கு?' அது பூஸ்டர் இல்லை. 9 மாதத்தில் போடும் முதல் டோஸ் எல்லாக் குழந்தைகளிடமும் வேலை செய்வதில்லை. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி சிலரிடம் இன்னும் மிச்சமிருந்து, தடுப்பூசி வைரஸையே அடக்கிவிடும். சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்கு எதிர்ப்பு உருவாகும். விடுபட்டவர்களைப் பிடிக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ்.

ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரே காயம்

இதையெல்லாம் வைத்து ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். மூன்று பேருக்கும் மண் படிந்த, ஆழமான காயம்.

தங்கச்சிக்கு வயது 19. குழந்தைப் பருவ ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று. கடைசியாக 16 வயதில் பள்ளியில் போட்டது. மூன்று ஆண்டுதான் ஆகிறது. காயத்தை நன்றாகக் கழுவினால் போதும், டி.டி. தேவையில்லை. அழுக்கான காயத்துக்கு 5 ஆண்டு, சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 ஆண்டு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி.

அண்ணனுக்கு 27. அவரும் எல்லாம் போட்டவர்தான். 16 வயதுக்குப் பிறகு எதுவும் போடவில்லை. 11 ஆண்டு ஆகிவிட்டது. ரொக்கம் அநேகமாக இருக்கும், உறுதியில்லை. ஒரு பூஸ்டர் போடுவார்கள். நினைவு செல்கள் சில நாளில் வேலையை ஆரம்பித்துவிடும்.

அப்பாவுக்கு 62. தோட்டத்தில் மண்வெட்டி காலில் பட்டிருக்கிறது. சின்ன வயதில் என்ன ஊசி போட்டார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. டெட்டனஸ் உள்ளிட்ட முத்தடுப்பூசியை இந்தியா தேசியத் திட்டமாகக் கொண்டுவந்தது 1978-ல்தான். அவர் அதற்கு முன்பே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். அம்மாவுக்காவது கர்ப்ப காலத்தில் டி.டி. போட்டிருப்பார்கள். அப்பாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இவருக்கு ஊசியை மட்டும் போட்டு அனுப்பினால், உள்ளே எழுப்புவதற்கு யாரும் இல்லாமல் போகலாம். முதல் டோஸின் பதில் வர வாரங்கள் ஆகும், நச்சு காத்திருக்காது. அதனால் இவருக்குத் தேவை இரண்டு ஊசிகள். ஒன்று டி.டி. இன்னொன்று, டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின். இது வேறொருவர் உடம்பில் உருவாகி எடுக்கப்பட்ட ரெடிமேட் ஆன்டிபாடி. வழக்கமாக 250 யூனிட், டி.டி. போட்ட கையில் போடாமல் வேறு இடத்தில் போடுவார்கள். கடன் வாங்கிய ரொக்கம் மாதிரி உடனே கைகொடுக்கும், சில வாரங்களில் தீர்ந்துவிடும். அது எந்த ஞாபகத்தையும் விட்டுச்செல்லாது. ஆகவே நான்கு வாரம் கழித்து இரண்டாவது டி.டி., ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் மூன்றாவது என்று அஸ்திவாரத்தை முடித்தாக வேண்டும்.

நடைமுறையில் தவறு நடப்பது இங்கேதான். காயம் ஆறியதும் இரண்டாவது டோஸை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அடுத்த முறை அடிபடும்போது மறுபடி 'எதுக்கும் ஒண்ணு'. நல்ல செய்தி என்னவென்றால், பல மாதம் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போட்ட டோஸின் ஞாபகம் உள்ளே இருக்கும்; விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சரி, ஆறு மாசத்துக்கு ஒண்ணு போட்டுக்கிட்டா சேஃப் தானே?

இல்லை. ரத்தத்தில் ஏற்கனவே ஆன்டிபாடி நிறைய இருக்கும்போது மறுபடி டாக்ஸாய்ட் போட்டால், ஊசி போட்ட இடத்திலேயே இரண்டும் மோதிக் கட்டியாகச் சேரும். சில மணி நேரத்தில் தோளிலிருந்து முழங்கை வரைகூட வீங்கி வலிக்கலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்த வலியால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் டெட்டனஸை ஒழித்துவிட்டதாக 2015-ல் இந்தியா அங்கீகாரம் பெற்றது. ஆனால் கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் நோய் அல்ல. எனவே ஊரில் எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவரை அது காப்பாற்றாது. இங்கே அவரவர் ஞாபகம்தான் அவரவருக்கு.

இன்று வீட்டுக்கு போன் பண்ணும்போது அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "டி.டி. ஊசி ஒரு மாச இடைவெளியில தொடர்ந்து போட்டிருக்கீங்களாப்பா?" பதில் தெரியவில்லை என்றால், காயம் படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அருகில் உள்ள மருத்துவரிடம் கேட்டு முதல் டோஸைப் போட்டுவிட்டு, அடுத்த இரண்டு தேதிகளை உங்கள் மொபைல் காலண்டரில் ரிமைண்டராக வைத்துவிடுங்கள்.